மெதுவாக ஓடும் ஒரு க்வெரி: நான் கற்றுத் தருவது இதைத்தான்

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு வழிகாட்டியாகப் பெயர் பதியும்போது இரண்டு கேள்விகள் கேட்டார்கள். என்ன கற்றுத் தருவீர்கள்? எப்படிக் கற்றுத் தருவீர்கள்? முதல் கேள்விக்கு, பெங்களூரில் பதினேழு வருடமாகப் பார்த்த வேலையில் கைபட்ட எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். ஜாவா, டேட்டாபேஸ், க்ளவுட், சிஸ்டம் டிசைன், இன்டர்வியூ தயாரிப்பு. இரண்டாவது கேள்விக்கு, 'வாரம் ஒரு மணி நேரம் பேசலாம்' என்று ஒரே வரி.

மூன்று மாதத்தில் ஒன்பது பேர் வந்தார்கள். ஆறு பேர் இன்டர்வியூவுக்காக. இரண்டு பேர் எங்கள் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களா என்று கேட்பதற்காக. எல்லோரிடமும் அன்பாகத்தான் பேசினேன். ஆனால் ஒரு மாதம் கழித்து, என்னிடம் வந்ததால் இன்னது செய்யத் தெரிந்துகொண்டேன் என்று அவர்களில் யாராலும் சொல்ல முடியவில்லை. அது எனக்கு உறுத்தியது. ஒரு மணி நேரம் என்பது அவர்களுக்கு ஒரு சனிக்கிழமை காலை. சின்ன விஷயம் இல்லை.

அப்புறம்தான் வேறு விதமாக யோசித்தேன். ஆபீசில் என் இடத்துக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் எதற்காக வருகிறார்கள்? க்ளவுட் பற்றிக் கேட்க யாரும் வருவதில்லை, அதற்கு என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். 'இந்த க்வெரி ஏன் இவ்வளவு நேரம் எடுக்குது?' என்று கேட்கத்தான் வருகிறார்கள். அந்த ஒன்றை எழுதினால் போதும் என்று பழையதை அழித்துவிட்டு எழுதியது இது:

"போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் மெதுவாக ஓடும் ஒரு க்வெரியை எடுத்து, அது ஏன் மெதுவாக ஓடுகிறது என்று அதன் ப்ளானைப் படித்து நீங்களே சொல்லக் கற்றுத் தருவேன். ஆறு சனிக்கிழமைகள், தலா ஒரு மணி நேரம், தமிழில். எஸ்.க்யூ.எல். எழுதத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் வேலையில் உண்மையிலேயே தொந்தரவு கொடுக்கும் ஒரு க்வெரியோடு வர வேண்டும். இன்டர்வியூ, சம்பளப் பேச்சு, வேலைக்குச் சிபாரிசு ஆகியவற்றில் என்னால் உதவ முடியாது."

அங்கே இடம் அவ்வளவுதான். 'எப்படி' என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன். போன வருடம் வந்த ஒரு தம்பியின் க்வெரியை வைத்தே சொல்கிறேன். அவர் திருநெல்வேலிப் பக்கம், மாரத்தஹள்ளியில் பி.ஜி.யில் தங்கி வேலை பார்க்கிறார். அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். டேபிள் பெயர்களை மாற்றி, எண்களை முழு எண்களாக்கியிருக்கிறேன்.

முதல் சனிக்கிழமை அவர் வந்ததும் சொன்னது: "அக்கா, மூணு இண்டெக்ஸ் போட்டுப் பார்த்துட்டேன். ஒண்ணும் ஆகல. நாலாவது எதுல போடணும்னு மட்டும் சொல்லுங்க."

வருபவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். தப்பில்லை. மெதுவாக ஓடினால் இண்டெக்ஸ் போடு என்றுதான் எல்லா இடத்திலும் சொல்லித் தருகிறார்கள். ஆனால் ஒவ்வொரு இண்டெக்ஸுக்கும் விலை உண்டு. ஒரு புதுப் பதிவு டேபிளில் சேரும்போதெல்லாம் அத்தனை இண்டெக்ஸிலும் அதைச் சேர்க்க வேண்டும். அவர் போட்ட மூன்று இண்டெக்ஸையும் ஒவ்வொரு ஆர்டரும் சுமந்துகொண்டிருந்தது. நான்காவதைப் பற்றி நான் பேசவில்லை. க்வெரியைக் காட்டச் சொன்னேன்.

```sql
SELECT o.id, o.amount, s.status
FROM orders o
JOIN shipments s ON s.order_id = o.id
WHERE o.state = 'Karnataka'
  AND o.city = 'Bengaluru'
  AND o.pincode = '560008';
```

560008 எங்கள் அல்சூர் பக்கத்துப் பின்கோடு. அந்தப் பகுதிக்குப் போன ஆர்டர்களும் அவற்றின் டெலிவரி நிலவரமும் தினமும் காலை ஒரு ரிப்போர்ட்டாக வர வேண்டும். இரண்டு டேபிளிலும் ஐம்பது லட்சம் பதிவுகள். ரிப்போர்ட் வர 23 வினாடி ஆகிறது.

க்வெரியை எப்படி ஓட்டப் போகிறது என்று டேட்டாபேஸ் முதலில் ஒரு திட்டம் போடும், அதைத்தான் ப்ளான் என்கிறோம். `EXPLAIN` என்று முன்னால் சேர்த்தால் அந்தத் திட்டத்தை மட்டும் காட்டும். `EXPLAIN ANALYZE` என்றால் உண்மையாகவே ஓட்டிப் பார்த்து, திட்டத்தையும் நடந்ததையும் பக்கத்துப் பக்கத்தில் காட்டும். 'உண்மையாகவே' என்பதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஒரு `DELETE` ஏன் மெதுவாக ஓடுகிறது என்று பார்க்க, அதற்கு முன்னால் `EXPLAIN ANALYZE` போட்டேன். ப்ளானும் வந்தது, மூவாயிரத்துச் சொச்சம் பதிவுகளும் போயின. பேக்கப்பிலிருந்து அவற்றைத் திரும்பக் கொண்டுவர ராத்திரி இரண்டு மணி ஆனது. அதனால் என்னிடம் வருபவர்கள் முதல் நாளே கைப்பழக்கமாக்க வேண்டியது, பதிவுகளை மாற்றும் எதையும் `BEGIN;` போட்டுத் தொடங்கி `ROLLBACK;` போட்டு முடிப்பது. அதையும் லைவ் டேட்டாபேஸில் செய்யக் கூடாது. திரும்பப் பெறப் போகிறோம் என்றாலும் அது ஓடும் நேரத்தில் அந்தப் பதிவுகள் பூட்டப்பட்டிருக்கும், மற்றவர்கள் காத்திருப்பார்கள்.

ஓட்டுவதற்கு முன் ஒரு வேலை கொடுத்தேன். நோட்டை எடுத்து, இந்த க்வெரிக்கு எத்தனை பதிவுகள் வரும், எந்தப் படியில் நேரம் போகும் என்று கையால் எழுதச் சொன்னேன். எல்லோருக்கும் இதைச் செய்கிறேன். எழுதாமல் ப்ளானைப் பார்த்தால், 'ஆமாம், நானும் இதைத்தான் நினைத்தேன்' என்று மனம் சொல்லிவிடும். எழுதி வைத்திருந்தால் எங்கே சறுக்கினோம் என்பது கண்முன்னே இருக்கும். அவர் எழுதியது: 'ஐம்பதாயிரம் பதிவு வரும். ஆர்டர்ஸ் டேபிளைத் தேடுவதில்தான் நேரம் போகும்.'

ப்ளான் இப்படி வந்தது. செலவுக் கணக்குகளை நீக்கிச் சுருக்கியிருக்கிறேன்.

```
Nested Loop (rows=2500)
    (actual time=9.9..22850.6 rows=50000 loops=1)
  -> Bitmap Heap Scan on orders o (rows=2500)
       (actual time=9.5..2800.4 rows=50000 loops=1)
     -> Bitmap Index Scan on orders_pincode_idx (rows=50000)
          (actual time=9.1..9.1 rows=51100 loops=1)
  -> Index Scan on shipments s (rows=1)
       (actual time=0.400..0.400 rows=1 loops=50000)
```

இதற்குப் பிறகு முதல் இருபது நிமிடம் நான் பேச மாட்டேன். அவர் படிப்பார், தனக்குத் தெரிவதைத் தமிழில் வாய்விட்டுச் சொல்வார். தமிழில் என்று சொல்வதற்குக் காரணம் மொழிப்பற்று மட்டும் இல்லை. 'இண்டெக்ஸ் இஷ்யூ', 'பெர்ஃபாமன்ஸ் இஷ்யூ' என்று மீட்டிங்கில் சொல்லிப் பழகிய வார்த்தைகளுக்குள் புரியாமை ஒளிந்துகொள்ளும். வீட்டுப் பேச்சில் சொல்லும்போது ஒளிய இடமில்லை. "இந்த டேபிளுக்குள்ள போறான், ஒண்ணு எடுக்கறான், திரும்பி வர்றான்" என்று சொல்பவருக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம். அப்படிச் சொல்ல முடியாத இடத்தில் அவர் நிற்பார். நிற்கிற இடம் எது என்பதைத்தான் அந்த இருபது நிமிடமும் நான் கவனிக்கிறேன்.

தம்பி நின்ற இடம் கடைசி வரி. "ஷிப்மென்ட்ஸ்ல 0.4 மில்லி செகண்ட்தான் அக்கா. அது ஒண்ணுமில்ல" என்று தாண்டிப் போய்விட்டார். ஆர்டர்ஸில் 2,800 மில்லி வினாடி, அங்கேதான் பிரச்சினை என்றார். அவர் நோட்டில் எழுதியதும் அதுதானே.

இருபது நிமிடம் முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "மொத்தம் 22,850. ஆர்டர்ஸ் 2,800. மீதி எங்க போச்சு?"

ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் விரலை மெதுவாக நகர்த்தி `loops=50000` என்ற இடத்தில் வைத்தார். அந்த 0.400 ஒரு தடவைக்கான சராசரி. ஐம்பதாயிரம் தடவை நடந்திருக்கிறது. பெருக்கினால் 20,000 மில்லி வினாடி, அதாவது 20 வினாடி. இதை நானே முதலில் சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பார், அடுத்த ப்ளானில் மறுபடி தாண்டியிருப்பார். தானே விரல் வைத்ததால், அதற்குப் பிறகு எந்த ப்ளானிலும் `loops` பார்க்காமல் அவர் நேரத்தைப் படித்து நான் பார்த்ததில்லை.

சரி, ஐம்பதாயிரம் தடவை ஏன் போனது? இதற்கு இரண்டாவது சனிக்கிழமை முழுவதும் ஆனது. நான் கற்றுத் தருவதில் முக்கியமான பகுதியும் இதுதான்.

ஒவ்வொரு படியிலும் முதலில் வரும் `rows` டேட்டாபேஸின் மதிப்பீடு, `actual` என்ற அடைப்புக்குள் வரும் `rows` உண்மையில் வந்தது. உள்ளே இருக்கும் படியிலிருந்து தொடங்கி வெளியே வர வேண்டும். இந்த இரண்டு எண்களும் முதன்முதலாகப் பெரிதாக விலகும் இடம் எது என்று தேட வேண்டும். மேலே உள்ள ப்ளானில் பாருங்கள். பின்கோடு இண்டெக்ஸில் மதிப்பீடு 50,000, வந்தது 51,100. கிட்டத்தட்டச் சரி. அதற்கு ஒரு படி மேலே மதிப்பீடு 2,500 ஆகிவிட்டது, வந்ததோ 50,000. இந்த இரண்டு படிகளுக்கும் நடுவே என்ன நடந்தது? மாநிலமும் ஊரும் சோதிக்கப்பட்டன. அவ்வளவுதான்.

டேட்டாபேஸ் போட்ட கணக்கை நோட்டில் போட்டுப் பார்த்தோம். அதனிடம் டேபிளின் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தனித்தனிப் புள்ளிவிவரம் இருக்கிறது. ஆர்டர்களில் கால் பங்கு கர்நாடகா, ஐந்தில் ஒரு பங்கு பெங்களூரு, நூற்றில் ஒரு பங்கு 560008. மூன்றுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லை என்று வைத்துக்கொண்டு பெருக்குகிறது. ஐம்பது லட்சத்தில் கால் பங்கு பன்னிரண்டரை லட்சம். அதில் ஐந்தில் ஒன்று இரண்டரை லட்சம். அதில் நூற்றில் ஒன்று 2,500.

நமக்குத் தெரியும், அல்சூர் பெங்களூரில்தான் இருக்கிறது, பெங்களூர் கர்நாடகாவில்தான் இருக்கிறது. பின்கோடைச் சொன்ன பிறகு மற்ற இரண்டையும் சொல்வதால் பதிவுகள் குறையக் கூடாது. டேட்டாபேஸுக்கு அது தெரியாது. 2,500 தடவைதானே, ஒவ்வொன்றாகப் போய் எடுத்துவிடலாம் என்று `Nested Loop` வழியைத் தேர்ந்தெடுத்தது. 2,500-க்கு அது நல்ல வழிதான், ஒரு வினாடியில் முடிந்திருக்கும். உண்மையில் இருபது மடங்கு வந்துவிட்டது. இண்டெக்ஸ் இல்லாததால் வந்த வினை இல்லை இது. எல்லாப் படியிலும் இண்டெக்ஸ் இருக்கிறது, எல்லாமே பயன்படவும் செய்கிறது. கணக்கு தப்பானதால் வழி தப்பானது. நான்காவது இண்டெக்ஸ் போட்டிருந்தாலும் இதே 23 வினாடிதான்.

இந்த நேரத்தில் ஒரு குழப்பம் வந்தது. எல்லோருக்கும் வரும் குழப்பம் என்பதால் சொல்கிறேன். க்வெரியை மறுபடி ஓட்டினார். நான்கே வினாடியில் முடிந்துவிட்டது. "அக்கா, தானா சரியாயிடுச்சு!"

சரியாகவில்லை. இதற்காகத்தான் `EXPLAIN (ANALYZE, BUFFERS)` என்று ஓட்டச் சொல்லிப் பழக்குகிறேன். டேட்டாபேஸ் தகவலை 8 கேபி அளவுள்ள பக்கங்களாகப் படிக்கிறது. எத்தனை பக்கம் தன் நினைவகத்திலேயே கிடைத்தது என்பது `hit`, எத்தனையை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது என்பது `read`. முதல் தடவை ஷிப்மென்ட்ஸ் படியில் `read=48000` என்று இருந்தது. இரண்டாவது தடவை `read` என்ற சொல்லே இல்லை, எல்லாம் `hit`. முதல் ஓட்டம் கொண்டுவந்து வைத்ததை இரண்டாவது ஓட்டம் எடுத்துக்கொண்டது. மறுநாள் காலை ரிப்போர்ட் ஓடும்போது ராத்திரி நடந்த மற்ற வேலைகள் அந்த இடத்தைப் பிடித்திருக்கும், மறுபடி 23 வினாடி. 'நான் பார்க்கும்போது வேகமாக ஓடுது, காலையில மட்டும் இழுக்குது' என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு எண்களைத்தான் முதலில் கேட்பேன்.

மூன்றாவது சனிக்கிழமை, தீர்வு. தம்பியே ஒரு வழி கொண்டுவந்தார். "பின்கோடு போதும்னா மத்த ரெண்டையும் எடுத்துடலாமே?" எளிமையான, நல்ல யோசனை. மதிப்பீடு தானாகவே 50,000 ஆகிவிடும். ஆனால் க்வெரியை மாற்றும்போது பதிவு எண்ணிக்கை முன்பும் பின்பும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றேன். பார்த்தார். 51,100 வந்தது.

கூடுதலாக வந்த 1,100 பதிவுகளில் ஊர் 'Bangalore' என்று இருந்தது. 2014 நவம்பர் 1 முதல் ஊரின் அதிகாரப்பூர்வப் பெயர் பெங்களூரு ஆகிவிட்டது. ஆனால் கையால் தட்டச்சு செய்பவர்கள் இன்றும் பழைய பெயரை எழுதுகிறார்கள், வீட்டில் நானும் பெங்களூர் என்றுதான் சொல்கிறேன். அந்த 1,100 ஆர்டர்களும் இதுவரை எந்தக் காலை ரிப்போர்ட்டிலும் வரவே இல்லை. வேகம் தேடிப் போன இடத்தில் விடுபட்ட ஆர்டர்கள் கிடைத்தன. அதைச் சரிசெய்வது அவருடைய டீம் எடுக்க வேண்டிய முடிவு, அதற்குச் சில வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை க்வெரியைத் தொடாமல், டேட்டாபேஸுக்குத் தெரியாததைச் சொல்லிக்கொடுத்தோம்.

```sql
CREATE STATISTICS orders_place (mcv)
  ON state, city, pincode FROM orders;
ANALYZE orders;
```

மூன்று நெடுவரிசைகளையும் சேர்த்துப் பார்த்து, அடிக்கடி ஒன்றாக வரும் சேர்க்கைகளைப் பட்டியலிட்டு வைத்துக்கொள் என்று இதற்கு அர்த்தம். போஸ்ட்கிரெஸ் பதிப்பு 12-லிருந்து இந்த `mcv` வகை இருக்கிறது. இரண்டாவது வரி கட்டாயம். `ANALYZE` ஓடினால்தான் அந்தப் பட்டியல் உருவாகும். அதை மறந்துவிட்டு, 'செய்தேன், பலிக்கவில்லை' என்று வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இதற்கு எல்லையும் உண்டு. அடிக்கடி வரும் சேர்க்கைகள் மட்டும்தான் பட்டியலில் இடம்பெறும். மாதத்துக்கு நாலு ஆர்டர் வரும் பின்கோடுக்கு இது உதவாது. ஆனால் நாலு ஆர்டருக்கு எந்த வழியில் போனாலும் நேரமாகாது.

ப்ளானை மறுபடி எடுத்தோம். மதிப்பீடு 49,300, வந்தது 50,000. மாதிரி எடுத்துக் கணக்கிடுவதால் அச்சாக ஒத்துப்போகாது, இவ்வளவு நெருங்கினால் போதும். `Nested Loop` போய் `Hash Join` வந்திருந்தது. ஷிப்மென்ட்ஸ் டேபிளை ஒரே மூச்சில் படித்து முடித்துப் பொருத்திவிடுகிறது. காலை ரிப்போர்ட் 6 வினாடிக்கு இறங்கியது. முன்பு போட்ட மூன்று இண்டெக்ஸும் எந்த க்வெரிக்காவது பயன்படுகிறதா என்று `pg_stat_user_indexes`-இல் இரண்டு வாரம் பார்த்துவிட்டு, பயன்படாத இரண்டை நீக்கினார்.

"ஆறு செகண்டையும் குறைக்கணும் அக்கா" என்றார். வேண்டாம் என்றேன். ஒரு நாளைக்கு ஒரு தடவை, யாரும் காத்திருக்காத நேரத்தில் ஓடும் ரிப்போர்ட் அது. எங்கே நிறுத்துவது என்பதையும் சேர்த்துத்தான் கற்றுத் தர நினைக்கிறேன்.

நான்காவது, ஐந்தாவது வாரங்களில் அவருடைய வேறு க்வெரிகளைப் பார்த்தோம். அதில் ஒன்று என் எல்லைக்கு வெளியே போனது. ப்ளான் சுத்தமாக இருந்தது, 12 மில்லி வினாடி. ஆப்பில் மட்டும் முப்பது வினாடி தொங்கியது. அது ஓடும் நேரத்தில் `pg_stat_activity`-இல் `wait_event_type` பார்த்தபோது `Lock` என்று இருந்தது. வேறு யாரோ பூட்டி வைத்ததற்காக இது காத்திருக்கிறது. ப்ளான் படித்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. யார் எதைப் பூட்டுகிறார்கள் என்று அவர்கள் ஆப்பின் கோடைத்தான் பார்க்க வேண்டும். அதை அவருடைய டீம் லீடிடம் கொண்டுபோகச் சொன்னேன்.

ஆறாவது சனிக்கிழமை நான் கொண்டுபோவது, அவர் முன்பின் பார்த்திராத ஒரு ப்ளான். என் சொந்த லேப்டாப்பில் பொய்ப் பதிவுகளை வைத்து உருவாக்கியது. பத்து நிமிடத்துக்குள் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்: நேரம் எந்தப் படியில் போகிறது, மதிப்பீடு எந்தப் படியில் முதலில் விலகுகிறது. தீர்வு சொல்ல வேண்டியதில்லை. இந்த இரண்டையும் சொல்லிவிட்டால் நான் எழுதிக் கொடுத்த வாக்கு நிறைவேறியது என்று வைத்துக்கொள்வேன். சொல்ல முடியாவிட்டால் இன்னும் இரண்டு சனிக்கிழமை நான் கடன்பட்டிருக்கிறேன். இதுவரை நாலு பேர் முடித்திருக்கிறார்கள், ஒருவருக்கு அந்த இரண்டு வாரமும் தேவைப்பட்டது.

வர நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. கம்பெனியின் பதிவுகளை எனக்குக் காட்ட வேண்டாம். எனக்கு வேண்டியது ப்ளான் மட்டும்தான். அதிலும் வாடிக்கையாளர் பெயரோ போன் நம்பரோ க்வெரிக்குள் இருந்தால் மாற்றிவிட்டுக் கொண்டுவாருங்கள், டேபிள் பெயர்களையும் மாற்றலாம். எண்களை மட்டும் மாற்றாதீர்கள். வெளியே காட்டலாமா என்று உங்கள் மேலாளரிடம் கேட்டுவிட்டே வாருங்கள்.

காலை ஏழு மணி. கையில் ஒரு நோட்டும் பேனாவும். மாரத்தஹள்ளித் தம்பி போன வாரம் ஒரு ப்ளானை அனுப்பியிருந்தார். கூடவே நோட்டுப் பக்கத்தின் போட்டோ: இடப்பக்கம் அவர் ஊகித்தது, வலப்பக்கம் வந்தது. மூன்றாவது படியில் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் '×20' என்று எழுதியிருந்தார். கேள்வி எதுவும் இல்லை.